படம் திறக்கவில்லை, "எது நல்லது?" என்ற கேள்வி மட்டும் வந்திருக்கிறது: போர்வெல் மோட்டார் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, இந்த ரெண்டுல எது நல்லா இருக்குமுங்க? சாயங்காலத்துக்குள்ள சொல்லோணும்னு கடைக்காரர் சொல்றாருங்க." பல்லடம், பொங்கலூர், காங்கயம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் ஃபிட்டர்களுக்கும் விவரம் தெரிந்த உறவினர்களுக்கும் இப்படிப்பட்ட செய்திகள் கோடை தொடங்கியதும் வரிசையாக வருகின்றன. செய்திக்கு மேலே ஒரு படம் இருக்கும். பெறுபவர் கைப்பேசியில் அது மங்கலான கட்டமாகவே நிற்கும். அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது அனுப்பியவரையே மறுபடி அனுப்பச் சொல்லும்படி காட்டும். எந்த இரண்டு மோட்டார்களைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது முழுவதும் அந்தக் கட்டத்துக்குள் இருக்கிறது. எழுத்தில் வந்திருப்பது "இந்த ரெண்டு" என்பது மட்டுமே.

படம் திறக்காததற்குக் காரணங்கள் எளியவை. தோட்டத்தில் சிக்னல் குறைவாக இருக்கலாம், கைப்பேசியில் இடம் நிரம்பியிருக்கலாம், படங்கள் தாமாக இறங்காதபடி அமைப்பு மாற்றப்பட்டிருக்கலாம். இவற்றைச் சரிசெய்வதும் கடினமல்ல. ஆனால் படம் திறந்துவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும் என்று இரு தரப்பும் எண்ணிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. அந்தப் படத்தில் இருப்பவை கடையில் உள்ள இரண்டு மோட்டார்களின் விவரங்கள். எது பொருந்தும் என்று முடிவு செய்வது தோட்டத்தில் உள்ள போரின் விவரம். அது எந்தப் படத்திலும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். படத்தில் இருந்தவை இரண்டும் 5 எச்.பி. மோட்டார்கள், இரண்டும் ஆறு இன்ச் வகை, விலையிலும் பெரிய வேறுபாடு இல்லை என்று கொள்வோம். ஒன்று 15 ஸ்டேஜ், அதாவது தண்ணீரை மேலே தள்ளும் இம்பெல்லர் சக்கரங்கள் அதில் 15 அடுக்காக இருக்கும். அதன் ஹெட், அதாவது தண்ணீரைத் தூக்கித் தரும் உயரம், 80 முதல் 130 மீட்டர் வரை, 110 மீட்டரில் நிமிடத்துக்கு 110 லிட்டர் தரும். மற்றொன்று 20 ஸ்டேஜ். அதன் ஹெட் 110 முதல் 180 மீட்டர் வரை, 155 மீட்டரில் நிமிடத்துக்கு 70 லிட்டர் தரும். ஒரே குதிரைத்திறனை ஒன்று அதிக நீருக்கும் மற்றொன்று அதிக உயரத்துக்கும் செலவிடுகிறது. எனவே எது தரமானது என்ற கேள்வி இங்கே எழவே இல்லை.

இப்போது போருக்கு வருவோம். 800 அடி ஆழம், மோட்டார் 600 அடியில் தொங்குகிறது, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு நீர்மட்டம் 450 அடியில் நிற்கிறது, தரையிலிருந்து 20 அடி உயரத்தில் தொட்டி இருக்கிறது. மீட்டரில் சொன்னால் நீர்மட்டம் 137, தொட்டிக்கு 6. 600 அடி நீளமுள்ள ஒன்றேகால் இன்ச் குழாயில் நிமிடத்துக்கு 70 லிட்டர் ஏறும்போது உராய்வால் ஏறக்குறைய 12 மீட்டர் இழப்பாகும். கூட்டினால் 155 மீட்டர். 15 ஸ்டேஜ் மோட்டாரின் எல்லை 130 மீட்டரோடு முடிந்துவிடுவதால், அதை இந்தப் போரில் இறக்கினால் மோட்டார் சுற்றும், தொட்டிக்குத் தண்ணீர் வந்து சேராது. 20 ஸ்டேஜ்தான் சரி.

அதே இரண்டு மோட்டார்களை வேறொரு தோட்டத்துக்குக் கேட்டிருந்தால்? அங்கே ஓடும்போது நீர்மட்டம் 250 அடி, மோட்டார் 350 அடியில், குழாய் ஒன்றரை இன்ச், தொட்டி அதே உயரம். நீர்மட்டத்துக்கு 76 மீட்டர், தொட்டிக்கு 6, உராய்வுக்கு ஆறு என்று கூட்டினால் 88 மீட்டர்தான். 15 ஸ்டேஜ் மோட்டார் தன் எல்லைக்குள் நின்று தாராளமாகத் தண்ணீர் தரும். 20 ஸ்டேஜ் மோட்டாரோ தன் குறைந்தபட்ச ஹெட்டான 110 மீட்டருக்குக் கீழே ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடும் மோட்டார் அளவுக்கு மீறி நீரைத் தள்ளும், பெரும்பாலும் ஆம்ப்ஸ் கூடும், இம்பெல்லர்கள் மேல்நோக்கித் தூக்கப்பட்டுத் தேய்மானம் வரும். ஆக, ஒரே படம், ஒரே கேள்வி, ஆனால் எதிரெதிரான விடைகள். படத்தைத் தெளிவாகப் பார்த்தவரும்கூட நீர்மட்டத்தைக் கேட்காமல் சொன்னால் பாதிக்குப் பாதி தவறாகவே சொல்வார்.

இதிலிருந்து கேட்பவர் செய்யும் முதல் தவறு விளங்கும்: ஆழத்தைச் சொல்லிவிட்டு நீர்மட்டத்தை விட்டுவிடுவது. "800 அடி போருங்க" என்று மட்டும் எழுதுவார்கள். போரின் ஆழமோ மோட்டார் தொங்கும் ஆழமோ ஹெட்டைத் தீர்மானிப்பதில்லை; குழாயின் நீளத்தால் வரும் உராய்வைத் தவிர அவற்றுக்கு இந்தக் கணக்கில் பங்கில்லை. நீரில் மூழ்கியிருக்கும் பகுதிக்கு மோட்டார் தனியாகத் தூக்க வேண்டியதில்லை, ஏனென்றால் சுற்றியுள்ள நீரே அந்த மட்டம் வரை அழுத்திக் கொடுக்கிறது. இதை அறியாமல் 600 அடிக்குக் கணக்கிட்டு 183 மீட்டருக்கும் மேலான ஹெட் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால் அதே 5 எச்.பி.யில் கிடைத்திருக்கக்கூடிய லிட்டர்களை விட்டுக்கொடுத்திருப்பார்கள்.

நீர்மட்டத்திலும் ஓடும்போது உள்ள மட்டம்தான் வேண்டும். காலையில் மோட்டார் போடும் முன் பார்த்தால் 350 அடியில் நிற்கும் தண்ணீர், இரண்டு மணி நேரத்தில் 450 அடிக்கு இறங்கியிருக்கலாம். கயிற்றில் எடை கட்டி இறக்கிப் பார்ப்பவர்கள் மோட்டாரை நிறுத்திய உடனே பார்க்க வேண்டும். பழைய மோட்டாரை மேலே எடுக்கும்போது குழாய்களின் ஈரத்தைப் பார்த்தும் ஒரு மதிப்பு எடுக்கலாம். மோட்டாரைத் தாங்கும் குழாய் ஒன்று பத்து அடி என்றால், மேலிருந்து எத்தனையாவது குழாயில் ஈரம் தொடங்குகிறது என்று எண்ணினால் போதும். ஆனால் நிறுத்தி அரை நாள் கழித்து எடுத்தால் அதற்குள் ஊற்று மேலேறி இருக்கும் என்பதால் அந்த எண்ணைக் குறைந்தபட்ச மதிப்பாகவே கொள்ள வேண்டும். போர் போட்ட அன்று வண்டிக்காரர் சொன்ன "ஒன்றரை இன்ச் தண்ணி" என்ற ஊற்றுக் கணக்கை மட்டும் நம்பி ஏப்ரல், மே மாதத்துக்கு மோட்டார் வாங்குவது ஆகாது.

கேட்பவரின் இரண்டாவது தவறு, விவரம் எல்லாவற்றையும் படத்திடம் ஒப்படைத்துவிடுவது. படம் திறந்தாலும் அது பயன்படும் நிலையில் இருப்பதில்லை. கடை மேசையில் கிடக்கும் விலைப்பட்டியலைச் சாய்வாக நின்று எடுத்திருப்பார்கள். எந்த வரிசை ஹெட், எந்த வரிசை டிஸ்சார்ஜ் என்று சொல்லும் மேல்வரி துண்டிக்கப்பட்டிருக்கும். 110 என்ற எண் இரண்டு இடத்திலும் வருகிறது: ஓரிடத்தில் அது மீட்டர், இன்னோரிடத்தில் லிட்டர். பட்டியலில் மீட்டரில் இருப்பதைத் தோட்டத்தில் அடியாகப் படித்துக்கொள்வதும் அடிக்கடி நேர்வது. ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் 155 மீட்டர் என்பது 508 அடி. அதை 155 அடி என்று எடுத்துக்கொண்டு "இது நமக்குப் பத்தாது" என்று நல்ல மோட்டாரைத் தள்ளியவர்களும் உண்டு. பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் ஒற்றை ஹெட் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. அது பெரும்பாலும் உச்ச ஹெட். அந்த உயரத்தில் ஒரு சொட்டும் வெளிவராது.

"முதலாவது", "இரண்டாவது" என்ற சொற்களும் இதே வகையைச் சேர்ந்தவை. இரண்டு படங்களைத் தனித்தனியாக அனுப்பி, ஒன்று இறங்கி மற்றொன்று இறங்காமல் நின்றால், பெறுபவருக்கு எது முதலாவது என்றே தெரியாது. மறுபடி அனுப்பும்போது வரிசை மாறியிருந்தால் "ரெண்டாவது எடுங்க" என்ற பதில் தவறான பெட்டியை வண்டியில் ஏற்றிவிடும். "20 ஸ்டேஜ்" என்று பெயர் சொல்லிப் பேசினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

பதில் சொல்பவர் தரப்பிலும் தவறுகள் உண்டு, அவை இன்னும் செலவு வைப்பவை என்பது என் கருத்து. படம் திறக்கவில்லை என்று சொல்லத் தயங்கி, "பெருசாவே எடுத்துக்கங்க தம்பி" என்று எழுதிவிடுவது முதல் வகை. பெரியது என்று அவர் எண்ணியது 7.5 எச்.பி.யாக இருக்கும், படத்தில் இரண்டும் 5 எச்.பி. பிறகு கேட்டவர் தன் ஊகத்தால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார். தனக்குப் பழக்கமான நிறுவனத்தின் பெயரைச் சொல்லி முடித்துவிடுவது இரண்டாவது வகை. கோயம்புத்தூர் பம்புத் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பதால் இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் மேல் பிடிப்பு இருக்கும். அதில் தவறில்லை, ஆனால் ஒரே நிறுவனமே 15 ஸ்டேஜும் 20 ஸ்டேஜும் செய்கிறது என்பதால் பெயர் இந்தக் கேள்விக்கு விடையாகாது. போர் நிமிடத்துக்கு 50 லிட்டர்தான் ஊறும் என்றால், 70 லிட்டர் இழுக்கும் மோட்டார் எந்தப் பெயரில் வந்தாலும் மட்டத்தை மேலும் இறக்கி, காற்றும் தண்ணீருமாகத் துப்பிவிட்டு, தண்ணீரில்லாமல் ஓடும்போது நிறுத்திவிடும் ட்ரை ரன் பாதுகாப்பு இல்லாவிட்டால் சூடாகிப் போய்விடும்.

படம் திறக்காதபோது சொல்லத்தக்க பதில் சுருக்கமானது: "படம் தொறக்கலீங்க தம்பி. ரெண்டு மோட்டாருக்கும் எச்.பி., ஸ்டேஜ், ஹெட் எத்தனை மீட்டர்ல இருந்து எத்தனை வரைக்கும், அதுல எத்தனை லிட்டர்னு எழுதி அனுப்புங்க. ரெண்டு மணி நேரம் ஓடுனதுக்கப்பறம் தண்ணி எத்தனையாவது அடியில நிக்குது, குழாய் என்ன இன்ச், தொட்டி எத்தனை உசரம், அதையும் சேர்த்துச் சொல்லுங்க." பெரும்பாலும் இந்தப் பதிலுக்குப் பிறகு படமே தேவைப்படுவதில்லை. பதின்மூன்று எண்கள் கொண்ட சிறு செய்தி மிகக் குறைந்த சிக்னலிலும் போய்ச் சேர்ந்துவிடும், குரல்பதிவாகவோ நேரடியாக அழைத்தோகூடச் சொல்லிவிடலாம்.

ஓடும்போது உள்ள மட்டம் தெரியாது என்று பதில் வந்தால், சாயங்காலத்துக்குள் எதையும் எடுக்கச் சொல்லாமல் இருப்பதே முறை. இரண்டு எல்லைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி 110 முதல் 130 மீட்டர் வரை மட்டுமே. மொத்த ஹெட் அதற்குள் விழும் என்று தெரிந்தால்தான் "எதை எடுத்தாலும் ஓடும்" என்று சொல்ல முடியும். மற்றபடி கடைக்காரரிடம் ஒரு நாள் தவணை கேட்டுவிட்டு, பழைய மோட்டார் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால் அதை இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திக் கயிறு இறக்கிப் பார்க்கலாம். பழைய மோட்டார் எரிந்துவிட்டிருந்தால், அதன் தகட்டில் உள்ள ஸ்டேஜையும் ஹெட்டையும் எழுதி, அது கடைசிக் கோடையில் தொட்டியை நிரப்ப எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்து அனுப்பினால், ஃபிட்டர் அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஏறக்குறைய மட்டத்தைச் சொல்லிவிடுவார்.