இரண்டாவது மெயில்தான் வேலை செய்தது

5ஆம் தேதி போக வேண்டிய காப்பீட்டு மாத பிரீமியம் 2,140 ரூபாய், கணக்கில் பணம் குறைந்ததால் போகவில்லை. “ஆட்டோ டெபிட் ஏன் ஆகலை, பாலிசி போயிடுமா?” என்று கேட்டு காப்பீட்டு நிறுவனத்துக்கு மெயில் போட்டேன். நன்றி சொல்லி ஒரு பதில், அவ்வளவுதான்.

மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் 15 நாள்தான். 12ஆம் தேதி பணத்தை ஆன்லைனில் கட்டிவிட்டு, திருத்தி எழுதினேன்:

“பாலிசி எண் ____. 5ஆம் தேதித் தவணை, இருப்புப் போதாமல் திரும்பியது. இன்று 2,140 கட்டினேன். பரிவர்த்தனை எண் ____. இது அந்தத் தவணைக்கு வரவாகி, பாலிசி நடப்பில் உள்ளதா? இதே தவணைக்கு மறுபடி டெபிட் அனுப்புவீர்களா? அடுத்த மாதத்துக்குப் பழைய ஆட்டோ டெபிட் மேன்டேட் செல்லுமா?”

மறுநாளே ரசீதோடு மூன்றுக்கும் பதில் வந்தது. மறு டெபிட்டை நிறுத்திவிட்டார்களாம். கேட்காவிட்டால் இருமுறை போயிருக்கும்.