சின்னப் படத்தில் இருப்பவரைப் பெரிய குரூப் போட்டோவில் ஒட்டும்போது மங்கலாகத் தெரியாமல் இருக்க

தங்கை கல்யாண ஆல்பம் வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க தாத்தாவும் இதுல நின்னா நல்லா இருக்கும்ல, போட முடியுமாடா?" தாத்தா கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்னாடியே போய்விட்டார். அவர் நின்றபடி நேராகப் பார்க்கிற நல்ல படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. 960×1280 பிக்சல். கல்யாணப் படமோ 6000×4000. வெட்டி ஒட்டுவது எனக்குப் பழகிய வேலை என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதவில்லை. ஒட்டிய பிறகு தாத்தா மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பது போல மங்கலாக நின்றார், அதைச் சரி செய்யத்தான் மூன்று இரவு ஆனது. அந்த மூன்று இரவில் கற்றது இது.

நான் பயன்படுத்துவது கிம்ப் 2.10. இலவசம், இந்த வேலைக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை என்பது என் கருத்து. மெனு பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே தருகிறேன்.

முதலில், இன்னும் நல்ல படம் கிடைக்குமா என்று கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கித்தான் வரும். எடுத்தவரின் போனில் மூலப்படம் இருந்தால் அதை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். எங்கள் விஷயத்தில் எடுத்த மாமாவின் பழைய போன் போய்விட்டது, அதனால் இருந்ததை வைத்தே செய்தேன். உங்களுக்கு மூலப்படம் கிடைத்தால் கீழே இருப்பதில் பாதி வேலை தேவைப்படாது.

பெரிய படத்தைச் சின்னதாக்குங்கள்

எல்லாரும் சின்னதைப் பெரிதாக்குவதைப் பற்றியே யோசிக்கிறோம். முதல் இரண்டு இரவு நானும் அப்படித்தான். அம்மாவுக்கு வேண்டியது ஹாலில் மாட்ட 12×8 அங்குலப் பிரிண்ட். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று கணக்குப் போட்டால் 3600×2400 போதும். அப்படியென்றால் 6000×4000ஐ முதலிலேயே 3600×2400 ஆகக் குறைத்துவிடலாம் (Image > Scale Image), பிரிண்ட்டில் இழப்பு எதுவும் தெரியாது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொண்டு ஒரு பிரதியில் செய்யுங்கள்.

இது ஏன் முக்கியம்? பெரிய படத்தில் அப்பாவின் இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே 90 பிக்சல் இருந்தது. தாத்தா படத்தில் 30. அப்படியே ஒட்டினால் தாத்தாவை 3 மடங்கு பெரிதாக்க வேண்டும். குறைத்த படத்தில் அப்பாவின் கண் இடைவெளி 54 ஆகிவிடும், 54ஐ 30ஆல் வகுத்தால் 1.8 மடங்குதான். மூன்று மடங்கில் முகம் மெழுகு மாதிரி ஆகிவிட்டது, 1.8ல் அது முகமாகவே இருந்தது. என் அனுபவத்தில் 2 மடங்கு வரை சமாளிக்கலாம், 3க்கு மேல் போனால் எந்த ஃபில்டரும் காப்பாற்றாது.

இடைவெளியை அளக்க Measure கருவியை எடுத்து ஒரு கருவிழியில் இருந்து இன்னொன்றுக்கு இழுத்தால் கீழே பிக்சல் காட்டும். இரண்டு பேருமே நேராகப் பார்த்திருந்தால்தான் இந்தக் கணக்கு சரி வரும். முகம் திரும்பியிருந்தால் தாடையில் இருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். யார் பக்கத்தில் நிற்கப்போகிறாரோ அவரோடு ஒப்பிடுங்கள், வேறு வரிசையில் இருப்பவரோடு வேண்டாம்.

இன்னொன்று. Scale Image பெட்டியில் X resolution, Y resolution என்று இருக்கும் இடத்தில் 72ஐ 300 என்று மாற்றினால் படம் தெளிவாகிவிடும் என்று நினைத்து ஒரு மணி நேரம் போனது. அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. பிரிண்ட் எடுக்கும்போது எத்தனை அங்குலத்தில் பரப்புவது என்கிற குறிப்பு மட்டும்தான் அது.

பெரிதாக்கும் முன் கறையை எடுங்கள்

ஜேபெக் கோப்பு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிகம் சுருக்கிய படத்தை 400% ஜூமில் பார்த்தால், கன்னத்திலும் சுவரிலும் அந்தக் கட்டங்கள் தெரியும், தலைமுடி ஓரத்தில் கொசு மொய்த்த மாதிரிப் புள்ளிகள் இருக்கும். 1.8 மடங்கு பெரிதாக்கினால் அந்தக் கட்டமும் 14 பிக்சல் ஆகும், பிறகு ஷார்ப்பன் செய்தால் கட்டத்தின் கோடுகள்தான் முதலில் கூர்மையாகும். அதனால் சின்னப் படமாக இருக்கும்போதே Filters > Enhance > Noise Reduction, Strength 1 அல்லது 2. நான் 2 வைத்தேன். 4 வைத்தபோது கட்டங்களோடு தாத்தாவின் நெற்றிச் சுருக்கங்களும் போய்விட்டன.

ஒரே தடவையில் பெரிதாக்குங்கள்

தாத்தா படத்தை முழுசாகவே குரூப் போட்டோவில் ஒரு லேயராகக் கொண்டுவாருங்கள் (File > Open as Layers). பிறகு Layer > Scale Layer, அலகை % என்று மாற்றி 180 கொடுங்கள். 960×1280 இப்போது 1728×2304 ஆகும். Interpolation என்ற இடத்தில் நான் NoHalo வைக்கிறேன், மூக்குக்கண்ணாடி பிரேம் ஓரத்தில் வெள்ளைக்கோடு குறைவாக வருகிறது. Cubic போட்டாலும் குற்றமில்லை. None மட்டும் வேண்டவே வேண்டாம், படிக்கட்டு மாதிரி ஓரம் வரும்.

மூலையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்து, பார்த்து, மறுபடி கொஞ்சம் இழுத்து என்று செய்யாதீர்கள். ஒவ்வொரு இழுப்பிலும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். ஐந்து தடவை இழுத்து 180% வந்த படமும் ஒரே தடவையில் 180% ஆன படமும் ஒன்றாக இருக்காது. அதற்காகத்தான் முதலில் உட்கார்ந்து அளந்தது.

ஷார்ப்பன்: நான் மாட்டிக்கொண்ட இடம்

தாத்தாவை எவ்வளவு தெளிவாக்க முடியுமோ அவ்வளவு தெளிவாக்கினேன், அதுதான் தப்பு. தேவைப்படுவது பக்கத்தில் நிற்கும் அப்பா அளவுக்குத் தெளிவு, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம். அதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியவில்லை, அதனால் எண்ணிப் பார்த்தேன்.

800% ஜூம் செய்து அப்பாவின் வெள்ளைச் சட்டைத் தோளும் பின்னால் இருக்கும் மெரூன் திரையும் சேருகிற இடத்துக்குப் போனேன். வெள்ளையில் இருந்து மெரூனுக்கு மாற 2 பிக்சல் எடுத்தது: ஒரு வெள்ளை, இரண்டு இளஞ்சிவப்பு, அப்புறம் மெரூன். தாத்தாவின் தோளில் அதே மாற்றத்துக்கு 5 பிக்சல். மங்கலாகத் தெரிவது என்பது இந்த வித்தியாசம்தான். ஷார்ப்பன் செய்வது புதிதாக முடியையோ இமையையோ கொண்டுவராது, இந்த 5ஐக் கொஞ்சம் குறுக்கித் தரும், அவ்வளவுதான் அதன் வேலை.

தாத்தா லேயரை Duplicate செய்து, மேலே இருப்பதன் Mode-ஐ Luminance ஆக்குங்கள். இப்படிச் செய்தால் வெளிச்சம் மட்டும் கூர்மையாகும், நிறத்தில் பச்சை, ஊதா ஓரங்கள் வராது. பிறகு அந்த மேல் லேயரில் Filters > Enhance > Sharpen (Unsharp Mask). இரண்டு முறை செய்தேன்: முதலில் Radius 2, Amount 0.8. பிறகு Radius 0.7, Amount 0.4. ஒரே தடவையில் Amount 2 என்று ஏற்றினால் தோளைச் சுற்றி வெள்ளை நூல் ஓடும், வெள்ளை வேட்டிக் கரை ஓரத்தில் கறுப்பாக இன்னொரு கரை முளைக்கும். அந்த நூல் தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், Opacity-ஐக் குறையுங்கள். நான் 75க்கு இறக்கினேன். திருப்தியானதும் Merge Down.

இத்தனைக்கும் பிறகு தாத்தாவின் ஓரம் 3 பிக்சலில் நின்றது, 2க்கு வரவில்லை. அம்மா தாத்தாவை முன்வரிசையில் மணப்பெண் பக்கத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார். அங்கே கேமராவின் போகஸ் சரியாக விழுந்திருந்ததால் வித்தியாசம் தெரிந்தது. பின்வரிசையில் சித்தப்பாவின் சட்டை ஓரத்தை எண்ணினால் அதுவும் 3. தாத்தா இப்போது சித்தப்பா பக்கத்தில் நிற்கிறார். பின்வரிசைக்காரர்கள் படத்தில் சற்றுச் சின்னதாகத் தெரிவார்கள் என்பதால் சித்தப்பாவின் கண் இடைவெளியை அளந்து (51), 170% என்று முதலில் இருந்து மறுபடி செய்தேன். எங்கே நிறுத்துவது என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாஸ்க்கும் மணலும்

தாத்தா படத்தைப் பெரிதாக்கிய பிறகு மாஸ்க்கை வரையுங்கள். சின்னப் படத்திலேயே வெட்டிவிட்டுப் பெரிதாக்கினால் வெட்டிய ஓரமும் சேர்ந்து மங்கும். மாஸ்க் ஓரத்துக்கு Gaussian Blur 1 பிக்சல் கொடுத்தால் பக்கத்துத் தோளோடு ஒத்துப்போகும்.

கடைசியாக நாய்ஸ். மண்டப வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லார் முகத்திலும் பொடி மணல் தூவியது போல இருக்கும், தாத்தா முகம் மட்டும் வழுவழுவென்று இருக்கும். Filters > Noise > RGB Noise, Independent RGB டிக்கை எடுத்துவிட்டு மிகக் குறைவாக, 0.02ல் தொடங்கி, சித்தப்பா நெற்றியோடு 100% ஜூமில் ஒப்பிடுங்கள். இதைச் சேர்த்ததும் முகம் இன்னும் கூர்மையாகத் தோன்றும். அதனால் ஷார்ப்பனில் கொஞ்சம் குறைவாகவே நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள்.

பெரிய பிரிண்ட் போடும் முன் தாத்தா இருக்கும் பகுதியை மட்டும் 1800×1200 வெட்டி 6×4 பிரிண்ட் ஒன்று எடுத்துப் பாருங்கள். அங்குலத்துக்கு அதே 300 பிக்சல்தான், ஹாலில் எப்படித் தெரியுமோ அப்படியே தெரியும்.

பின்சேர்க்கை: Scale Layer கொடுத்தால் குரூப் போட்டோவே பெரிதாகிவிடுகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். லேயர் பட்டியலில் குரூப் போட்டோவின் லேயர் தேர்வாகியிருக்கிறது, தாத்தா லேயரைக் கிளிக் செய்துவிட்டுச் செய்யுங்கள். காப்பி செய்து ஒட்டியவர்களுக்கு Floating Selection என்று வரும், அதை முதலில் New Layer ஆக்கிவிடுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: பழைய ஸ்டூடியோ பிரிண்ட்டை ஸ்கேன் செய்த ஒருவருக்கு ஷார்ப்பன் செய்ததும் முகம் முழுக்கத் தேன்கூடு மாதிரிப் புள்ளிகள் வந்திருக்கின்றன. அது அந்தக் காலச் சொரசொரப்பான பேப்பரின் பரப்பு, ஸ்கேனர் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழுகிறது. படத்தை 600 டிபிஐயில் ஒரு முறை நேராகவும் ஒரு முறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, இரண்டாவதை 180 டிகிரி திருப்பி முதலாவதன் மேல் சரியாகப் பொருத்தி 50% Opacity வையுங்கள். நிழல்கள் எதிரெதிராக விழுந்திருப்பதால் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதை Merge Down செய்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். அந்த அளவு ஸ்கேனில் பெரிதாக்க வேண்டியதே இருக்காது, பல சமயம் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.