வழி கேட்கும்போது ‘இஸ்’ எங்கே போகும்? இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் புதிதாகப் போகும் நம் எல்லைப்பக்கத்துக்காரர்களுக்கு

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கமிருந்து நர்ஸ் வேலைக்கும் படிக்கவும் கிளம்புகிறவர்கள் நிறைய. அந்தப் பக்கம் நகரி, புத்தூரிலிருந்து போகிறவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மரியாதையாகக் கேட்க வேண்டும் என்பது தெரியும், அதனால் நேராக ‘வேர் இஸ் த பஸ் ஸ்டாப்?’ என்று கேட்காமல் முன்னால் ஒரு ‘குட் யூ டெல் மீ’ சேர்த்துக்கொள்கிறார்கள். அது நல்ல பழக்கம்தான். ஆனால் சேர்த்த பிறகு மீதி வாக்கியத்தை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்: ‘குட் யூ டெல் மீ வேர் இஸ் த பஸ் ஸ்டாப்?’ இப்படிக் கேட்டாலும் வழி சொல்வார்கள், யாரும் திட்ட மாட்டார்கள். தேர்விலும் வேலை சம்பந்தமான மின்னஞ்சலிலும் மட்டும் இது பிழையாக நிற்கும். சரியான வாக்கியம்: ‘குட் யூ டெல் மீ வேர் த பஸ் ஸ்டாப் இஸ்?’

இந்தப் பிழை நமக்கு ஏன் வருகிறது என்றால், நம் மொழிகளில் கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் அப்படியே தூக்கி வைக்கலாம். ‘பஸ் ஸ்டாப் எங்கே இருக்கிறது?’ என்பதோடு ‘என்று சொல்ல முடியுமா’ சேர்த்தால் போதும், உள்ளே ஒரு சொல்லும் இடம் மாறாது. மலையாளத்திலும் அப்படியே, ‘எவிடெயாணெந்நு பறயாமோ’ என்று ஒட்டிவிடுகிறோம். தெலுங்கில் ‘எக்கட உந்தி’ என்பது ‘எக்கட உந்தோ செப்தாரா’ ஆகும், முடிவில் ஒரு ஓகாரம் ஏறுகிறதே தவிர வரிசை மாறுவதில்லை. வீட்டில் ஒன்று, கடையில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழி பேசி வளர்ந்தவர்களுக்கும் இந்த இடத்தில் எதுவும் கைகொடுக்காது.

ஆங்கிலத்தில் கேள்வி என்று காட்டுவதே வரிசைதான். ‘த பஸ் ஸ்டாப் இஸ்’ என்பது செய்தி, ‘இஸ் த பஸ் ஸ்டாப்’ என்று வினை முன்னால் தாவினால் கேள்வி. நீங்கள் ‘குட் யூ’ என்று தொடங்கும்போதே அந்தத் தாவல் ஒரு தடவை நடந்துவிட்டது, ‘யூ குட்’ என்பதுதான் ‘குட் யூ’ ஆகியிருக்கிறது. கேள்விக்கு அது போதும். உள்ளே இருக்கும் பகுதி செய்தி வரிசைக்கே திரும்பிவிட வேண்டும்: முதலில் கேள்விச்சொல், அடுத்து எழுவாய், அப்புறம் வினை.

ஒரு போன் பேச்சை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் இறங்கியதும் வீட்டுப் பக்கத்து ஜி.பி. டாக்டரிடம் பதிவு செய்ய வேண்டும், டாக்டர் இருக்கும் கிளினிக்கை அங்கே சர்ஜரி என்பார்கள். மனதில் முதல் கேள்வி ‘வென் டஸ் த சர்ஜரி ஓப்பன்?’ இதை மரியாதையாக மாற்றும்போது ‘டஸ்’ போய்விட வேண்டும், ஏனென்றால் அது கேள்விக்காக மட்டும் வந்த துணைவினை. ஆனால் அது போகும்போது தன்னிடம் இருந்த ‘ஸ்’ ஒலியை வினையிடம் கொடுத்துவிட்டுப் போகும்: ‘குட் யூ டெல் மீ வென் த சர்ஜரி ஓப்பன்ஸ்?’ இந்த ‘ஓப்பன்ஸ்’தான் நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது. ‘டஸ்’ஸை எடுத்துவிட்டு ‘வென் த சர்ஜரி ஓப்பன்’ என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். ‘டிட்’டும் இதே போலத்தான், போகும்போது இறந்தகாலத்தை விட்டுவிட்டுப் போகும். ‘வென் டிட் யூ போஸ்ட் த லெட்டர்?’ என்பது ‘குட் யூ டெல் மீ வென் யூ போஸ்டட் த லெட்டர்?’ ஆகும். ‘கேன்’, ‘வில்’, ‘ஷுட்’ எல்லாம் அர்த்தம் உள்ள சொற்கள், அவை மறையாது, எழுவாய்க்குப் பின்னால் நகரும், அவ்வளவுதான்: ‘வேர் கேன் ஐ பார்க்?’ என்றால் ‘வேர் ஐ கேன் பார்க்’.

அடுத்த கேள்வி ‘டூ ஐ நீட் ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ்?’ இதில் எங்கே, எப்போது போன்ற சொல் எதுவும் இல்லை, ஆமா இல்லையா என்பதுதான் பதில். தமிழில் ‘வேண்டுமா என்று’ சொல்கிறோமே, அந்த ‘ஆ’வுக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ‘இஃப்’ வரும்: ‘குட் யூ டெல் மீ இஃப் ஐ நீட் ப்ரூஃப் ஆஃப் அட்ரஸ்?’ ‘வெதர்’ என்றும் சொல்லலாம், எழுத்தில் அது கொஞ்சம் கூடுதல் முறையாக இருக்கும். (இங்கிலாந்தில் ஜி.பி.யிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயம் இல்லை, கேட்டால் பயந்து திரும்பி வராதீர்கள்.)

ஒரு சின்ன இடத்தில் வரிசை தெரிந்தவர்களுக்கும் தடுக்கும். ‘இட் இஸ்’ஸைச் சுருக்கி ‘இட்ஸ்’ என்று பேசிப் பழகியதால் ‘டூ யூ நோ வேர் இட்ஸ்?’ என்று முடித்துவிடுகிறார்கள். வாக்கியத்தின் கடைசியில் அந்த ‘இஸ்’ சுருங்காது, முழுசாகச் சொல்ல வேண்டும்: ‘வேர் இட் இஸ்’. பின்னால் ஏதாவது தொடர்ந்தால் சுருக்கலாம், ‘டூ யூ நோ வேர் இட்ஸ் கோயிங்?’ சரியானதுதான்.

எதுவும் மாறாத இடமும் உண்டு. ‘ஹூ கால்ட்?’ என்ற கேள்வியில் ‘ஹூ’தான் எழுவாய், ஏற்கெனவே வினைக்கு முன்னால்தான் நிற்கிறது, அதனால் ‘டூ யூ நோ ஹூ கால்ட்?’ அப்படியே சரி. இதைப் போய்த் திருத்தி வைக்காதீர்கள்.

கேள்விக்கு மட்டும் இல்லை, பதில் சொல்லும்போதும் இந்த வரிசைதான். வார்டில் நோயாளியின் மகள் டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கிறார், உங்களுக்குத் தெரியவில்லை. ‘ஐ ஆம் நாட் ஷ்யூர் வென் ஷி இஸ் கமிங், ஐ வில் ஃபைண்ட் அவுட்’ என்று சொல்லுங்கள், ‘வென் இஸ் ஷி கமிங்’ இல்லை. இதை எழுதினால் முடிவில் கேள்விக்குறி போடக் கூடாது, ஏனென்றால் வெளி வாக்கியம் கேள்வி இல்லை. ‘ஐ வுட் லைக் டு நோ’ என்று தொடங்கும் கடிதத்துக்கும் அப்படித்தான், முற்றுப்புள்ளி போதும்.

பேசிக்கொண்டிருக்கும்போது வரிசை குழம்பினால் ஒரு வழி இருக்கிறது, நான் புதிதாக வருகிற எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். மரியாதைப் பகுதியைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள்: ‘எக்ஸ்க்யூஸ் மீ, வேர் இஸ் த பஸ் ஸ்டாப், டூ யூ நோ?’ இங்கே நேர்க்கேள்வி தனியாக நிற்கிறது, அதனால் பழைய வரிசையே சரி. அந்த ஊர்க்காரர்களும் இப்படிக் கேட்பதுண்டு.

அயர்லாந்து போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே ஊர்க்காரர்களே ‘ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் வாஸ் ஹி கோயிங்’ என்றும், ‘இஃப்’ இல்லாமல் ‘ஐ வொண்டர் இஸ் இட் ரெய்னிங்’ என்றும் பேசுவதைக் கேட்பீர்கள். அது அவர்கள் நாட்டு ஆங்கிலத்தில் நெடுநாளாக உள்ள வழக்கு, பிழை என்று நினைத்துவிட வேண்டாம், பேச்சில் நீங்களும் அதற்குப் பழகிப்போனால் தப்பில்லை. தேர்வுத் தாளிலும் விண்ணப்பக் கடிதத்திலும் மட்டும் ‘வேர் ஹி வாஸ் கோயிங்’, ‘இஃப் இட் இஸ் ரெய்னிங்’ என்றே எழுதுங்கள்.