பழைய டெஸ்க்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு: எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் பழைய டெஸ்க்டாப்பில் புது கிராபிக்ஸ் கார்டு போட்டவர்கள் சர்வீஸுக்குக் கொண்டுவரும் புகார் அநேகமாக ஒன்றுதான். விண்டோஸ் நன்றாக வருகிறது, யூடியூப் ஓடுகிறது, கேம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் திரை கறுத்து மெஷின் ரீஸ்டார்ட் ஆகிறது. டிரைவரை மாற்றி, ரேமைத் துடைத்து, கடைசியில் விண்டோஸையும் புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். குறை பெரும்பாலும் சுவர் மின்சாரத்தை மாற்றி உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில்தான். கார்டு கேபினெட்டுக்குள் அடங்குமா, மானிட்டர் ஒயரைக் கார்டில்தான் செருகினோமா என்பதெல்லாம் எல்லோரும் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கார்டு விலைக்கு மேல் செலவு வைக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

மேலே அச்சடித்த வாட்ஸை நம்புவது

கேபினெட்டோடு சேர்ந்து வரும் மலிவான எஸ்எம்பிஎஸ் மீது பெரிதாக 450 வாட்ஸ் என்று போட்டிருக்கும். கார்டு 170 வாட்ஸ்தானே, தாராளமாகப் போதும் என்று எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் இந்தத் தவறு குறையவில்லை என்பதுதான் எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால் விடை அந்தப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலேயே இருக்கிறது. நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஸ்டிக்கரில் ஒரு கட்டம் இருக்கும். அதில் +3.3V, +5V, +12V என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் எத்தனை ஆம்ப் என்று எழுதியிருக்கும். கிராபிக்ஸ் கார்டும் ப்ராசசரும் கிட்டத்தட்ட முழுவதும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆகவே பார்க்க வேண்டிய எண் அது ஒன்றுதான். அந்த ஆம்பை 12 ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்கள் கார்டும் ப்ராசசரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய வாட்ஸ்.

ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். குன்னூரில் கல்லூரி மாணவர் ஒருவர் கொண்டுவந்தது. ப்ராசசர் ஐ5-4570, ஒரு எஸ்எஸ்டி, ஒரு ஹார்ட் டிஸ்க், இரண்டு ஃபேன். அதில் ஆர்டிஎக்ஸ் 3060 போட்டிருந்தார். எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட்ஸ். ஸ்டிக்கரில் +12V நேராக 16A.

“450 போட்டிருக்கே அண்ணா, பத்தாதா?”

“பதினாறைப் பன்னிரண்டால பெருக்கிப் பாரு தம்பி.”

பெருக்கினால் 192. இனி செலவுப் பக்கம். ப்ராசசர் முழு வேலையில் 84 வாட்ஸ், கார்டு 170 வாட்ஸ், மதர்போர்டு, ஃபேன், ஹார்ட் டிஸ்க் மோட்டார் எல்லாம் சேர்த்து ஒரு 25 வாட்ஸ். மொத்தம் 279 வாட்ஸ், அதாவது 23 ஆம்புக்குச் சற்று மேல். கொடுக்க முடிந்தது 16 ஆம்ப். கேம் தொடங்கியதும் ரீஸ்டார்ட் ஆவதில் ஆச்சரியமே இல்லை. பத்து நிமிடம் தாங்கியதுதான் ஆச்சரியம்.

மீதி வாட்ஸ் எங்கே போனது? 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கிடக்கிறது. பென்டியம் 4 வருவதற்கு முன்பு ப்ராசசர்கள் அந்த வோல்ட்டேஜ்களைத்தான் அதிகம் இழுத்தன, எஸ்எம்பிஎஸ்ஸும் அதற்கேற்ப அமைந்திருந்தது. பிறகு சுமை முழுவதும் 12 வோல்ட் பக்கம் வந்துவிட்டது. மலிவான பெட்டிகளில் பழைய அமைப்பு அப்படியே தங்கிவிட்டது. இன்றைய கணினி 5 வோல்ட்டில் சில வாட்ஸ்தான் எடுக்கும். அங்கே நூறு வாட்ஸ் சும்மா இருந்தாலும் கார்டுக்கு வந்து சேராது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. இந்தப் பெட்டிகள் பலவற்றில் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் ஒரே கட்டுப்பாடுதான் பார்த்துக்கொள்கிறது. 12 வோல்ட்டில் சுமை ஏறி அது இறங்கத் தொடங்கியதும், அதைத் தூக்கிப்பிடிக்கப் போய் 5 வோல்ட்டையும் சேர்த்து ஏற்றிவிடும். அந்த 5 வோல்ட்டில்தான் உங்கள் எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் இருக்கின்றன. கேம் ரீஸ்டார்ட் ஆகிறது என்று மாதக்கணக்கில் சமாளித்தவர்கள் ஒருநாள் போட்டோக்களோடு டிஸ்க்கையே இழப்பது இப்படித்தான்.

குறை எஸ்எம்பிஎஸ்ஸில்தானா என்று பணம் செலவழிக்கும் முன்பே சோதிக்கலாம். விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் `Kernel-Power` என்ற பெயரில் `41` என்ற எண் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றது என்பதை மட்டும்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. அடுத்து `MSI Afterburner` மென்பொருளில் `Power Limit` அளவை 70 சதவீதத்துக்கு இறக்கிவிட்டு அதே கேமை அரைமணி நேரம் ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டால் சந்தேகம் நேராக எஸ்எம்பிஎஸ் மீதுதான். மல்டிமீட்டர் இருந்தால் சும்மா இருக்கும் ஒரு மோலெக்ஸ் கனெக்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்பு ஒயருக்கும் நடுவே, கேம் ஓடும்போதே பாருங்கள். 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்கலாம். 11.4-க்குக் கீழே போனால் அந்தப் பெட்டிக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கக்கூடும்.

அப்படியானால் 3060-ஐ விட்டுவிட்டு, தனி ஒயர் கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 போட்டால் இதே பெட்டியில் ஓடுமா? கார்டு 75 வாட்ஸ். 84, 75, 25 கூட்டினால் 184. காகிதத்தில் 192-க்குள் அடங்குகிறது. ஆனால் இந்த ரகப் பெட்டிகளில் அச்சடித்த ஆம்பே முழுதாக வருமென்று நம்ப முடியாது. தவிர எட்டுப் பத்து வருடம் ஓடியதில் கெப்பாசிட்டர்கள் தேய்ந்திருக்கும். சிறிய கார்டு போட்டாலும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள்.

அந்த மாணவரின் மெஷினுக்கு எடுத்தது 550 வாட்ஸ் பெட்டி. +12V-ல் மட்டும் 45A, அதாவது 540 வாட்ஸ். நல்ல பெட்டியை அடையாளம் காண இதுவே எளிய வழி: 12 வோல்ட்டின் வாட்ஸும் மேலே போட்ட மொத்த வாட்ஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். தேவை 279 என்னும்போது 550 எதற்கு என்று கேட்கலாம். கார்டின் 170 வாட்ஸ் என்பது சராசரி. கண் இமைக்கும் நேரத்திலும் குறைவான துளிப்பொழுதுகளில் அது அதற்கு மேல் நன்றாகவே எகிறும். 3060-க்கு என்விடியாவே சொல்லும் அளவும் 550 வாட்ஸ்தான். அதே சமயம் இந்த மெஷினுக்கு 850 வாட்ஸ் வாங்குவது வீண். அந்தப் பணத்தை யூபிஎஸ்ஸில் போடலாம். அந்தக் கதை கீழே வருகிறது.

80 ப்ளஸ் என்றால் 80 சதவீதம்தான் கிடைக்கும் என்று கழிப்பது

இல்லை. 80 ப்ளஸ் என்பது சுவரிலிருந்து இழுப்பதில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே சேர்கிறது என்பதற்கான முத்திரை. 550 என்றால் உள்ளே 550 கிடைக்கும், சுவரிலிருந்துதான் அதைவிட அதிகம் இழுக்கும்.

சாட்டா ஒயரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுப்பது

பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் ஒயர் இருக்காது. உடனே நூறு, இருநூறு ரூபாய்க்கு ஒரு கன்வர்ட்டர் ஒயர் ஆர்டர் செய்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா, மறுபக்கம் 8 பின். சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்ப். மொத்தம் 54 வாட்ஸ். 8 பின் கனெக்டரிலோ கார்டு 150 வாட்ஸ் வரை கேட்க உரிமை உண்டு. அது கேட்கும்போது இந்தச் சின்னப் பின்கள் சூடாகிப் பிளாஸ்டிக் இளகத் தொடங்கும். முதலில் லேசான கருகல் வாடைதான் வரும். கழற்றிப் பார்த்தால் வெள்ளை ஓரம் பழுப்பாகியிருக்கும், பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் சரிந்திருக்கும். அந்த நிலையில் ஒயரை மாற்றிவிட்டுத் தொடரக்கூடாது. எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த ஒயர் இல்லை என்பதே, இந்தக் கார்டுக்காக அது செய்யப்படவில்லை என்பதற்கு நேரடிச் சான்று.

வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் கழற்றும் ஒயர்களைப் பயன்படுத்துவது

கூடவே கூடாது. செருகும் முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஒயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஆபீஸ் மெஷினில் 24 பின் இருக்குமென்று நினைப்பது

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 போன்றவற்றில் மதர்போர்டின் மெயின் கனெக்டரே 8 பின். சாதாரண எஸ்எம்பிஎஸ் போட அதற்கென்று விற்கும் 24-க்கு 8 கன்வர்ட்டர் தேவை. வாங்கும் முன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள்.

மலை உயரத்துக்காகக் கூடுதல் வாட்ஸ் வாங்குவது

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிவு என்பதால் ஃபேன் தள்ளும் காற்று குறைவான சூட்டைத்தான் எடுத்துப்போகும் என்பது உண்மைதான். ஆனால் அறையே குளிராக இருப்பதால் அது ஈடாகிவிடுகிறது. கவலைப்பட வேண்டியது மூடுபனியின் ஈரத்தைப் பற்றித்தான். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் ஓடாமல் கிடந்த மெஷினை, உள்ளே படிந்த தூசியை ஊதி எடுத்து, உலர்ந்த அறையில் சில மணி நேரம் வைத்துவிட்டுப் பிளக்கைப் போடுங்கள்.

பழைய யூபிஎஸ்ஸை அப்படியே விட்டுவிடுவது

தென்மேற்குப் பருவமழையில் பந்தலூர், கூடலூர் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது வாடிக்கை. வீட்டில் இருப்பது பெரும்பாலும் 600VA யூபிஎஸ். அதை 600 வாட்ஸ் என்று படிக்கிறார்கள். அதன் லேபிளிலேயே 360W என்று சிறிதாக இருக்கும்.

மேலே சொன்ன மெஷினையே எடுத்துக்கொண்டால், 279 வாட்ஸோடு 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் ஒரு 15 சேர்த்து 294. எஸ்எம்பிஎஸ் 85 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்தால் சுவரிலிருந்து இழுப்பது சுமார் 346 வாட்ஸ். மானிட்டருக்கு 25 சேர்த்தால் 371. கேம் நடுவில் கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கீச்சிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். புது எஸ்எம்பிஎஸ் வாங்கியும் பழைய ரீஸ்டார்ட் தீரவில்லை என்று திரும்பி வருகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை இதுதான். சுவரில் நேராகச் செருகி ஒரு மாலை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மெஷினுக்கு 600 வாட்ஸ் என்று லேபிளில் எழுதியிருக்கும் யூபிஎஸ் வேண்டும். கடையில் பெரும்பாலும் அது 1000VA என்ற பெயரில் கிடைக்கும். அதுவும் கேமை சேவ் செய்து மெஷினை அணைக்கச் சில நிமிடங்கள்தான் தரும். பிரின்டரை மட்டும் அதன் பேட்டரி பக்கத்தில் செருகாதீர்கள்.