முதல் ஊறுகாய் ஆர்டரில் நான் செய்த தவறுகள்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு பெங்களூருக்கு மாங்காய் ஊறுகாய் அனுப்பியது போன சித்திரையில்தான். வாட்ஸ்அப்பில் வந்த முதல் ஆர்டர், அரைக் கிலோ பாட்டில் இரண்டு. மூன்றாம் நாள் அந்தப் பெண் படம் அனுப்பினார். அட்டைப்பெட்டியின் அடி முழுக்க எண்ணெய் ஊறிச் சிவந்திருந்தது. “அக்கா, பாட்டில் முக்கால்தான் இருக்கு” என்றும் எழுதியிருந்தார்.

பாட்டில் உடையவில்லை. தவறு நடந்தது கூரியரில் அல்ல, என் அடுப்படியில். ஒரு கிலோ மாங்காய்க்கு 200 கிராம் கல்லுப்பு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாம் வழக்கமான கணக்குதான். ஆனால் கலந்த இரண்டாம் நாளே, அவசரத்தில், பாட்டிலின் கழுத்து வரை அடைத்துவிட்டேன். உப்பு இழுத்து மாங்காய் நீர் விடுவது அப்போதுதான் தொடங்கியிருக்கும். துண்டுகள் சுருங்கும், நடுவில் சிக்கிய காற்று குமிழியாக மேலே வரும், சித்திரை வெயிலில் எண்ணெயும் கொஞ்சம் விரியும். இடமில்லாத பாட்டிலில் அது மூடி வழியாகத்தான் வெளியேறும். சாய்த்து வைத்த பெட்டியென்றால் கேட்கவே வேண்டாம்.

இப்போது பத்து நாளாவது பீங்கான் ஜாடியில் ஊற விடுகிறேன். தினமும் ஈரமில்லாத மரக்கரண்டியால் ஒரு தரம் கிளறல். துண்டு அமுங்கி எண்ணெய் மேலே தெளிந்து நின்றால்தான் பாட்டில். அதிலும் மேலே ஒரு விரல் அகலம் காலி விட்டு, வாயில் அலுமினியத் தாள் சீல் ஒட்டி, அதன்மேல் மூடி. பிறகு ஒரு ராத்திரி தலைகீழாகச் செய்தித்தாள்மேல் நிறுத்துவேன். தாளில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் அந்தப் பாட்டில் போகாது.

அடுத்தது காசு. பாட்டிலோடு எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நானோ தாராளமாக 30க்கு 25க்கு 20 சென்டிமீட்டர் பெட்டி எடுத்தேன். நிறைய கூரியர்கள் நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள், அது நிஜ எடையைவிட அதிகமானால் அதற்குத்தான் கட்டணம். 15,000ஐ வகுத்தால் 3 கிலோ. லாபம் மொத்தமும் அதில் போய்விட்டது. பாட்டில்தான் வேண்டும் என்று கேட்காதவர்களுக்கு இப்போது தடிமனான பல அடுக்குப் பவுச்சில் அடைத்து, 20க்கு 15க்கு 10 பெட்டியில் வைக்கிறேன். அளவுக் கணக்கில் 0.6 கிலோதான், அதனால் நிஜ எடையான ஒரு கிலோ சொச்சத்துக்கு மட்டும் காசு. விலை சொல்லும் முன்பே பின்கோடு கேட்டுவிடுவேன்.

வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சிறு அளவில் செய்பவர்களுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். அந்த 14 இலக்க எண், சேர்மானம், எடை, செய்த தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும்.

பெங்களூர்ப் பெண்ணுக்கு ஊறிய சரக்கில் இரண்டு பாட்டில் மறுபடி அனுப்பினேன், காசு வாங்கவில்லை. அடுத்த மாதம் நார்த்தங்காய் கேட்டார்.