யூ.எஸ்.பி. மீட்டரை எந்த முனையில் செருகுகிறீர்கள்?

பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு அண்ணன் போன மாதம் கடைக்கு வந்தார். கையில் போன், சார்ஜ் கேபிள், படகின் 12 வோல்ட் பேட்டரியில் மாட்டும் இரட்டை யூ.எஸ்.பி. அடாப்டர். கூடவே அவர் மகன் ஆன்லைனில் வாங்கித் தந்த, வோல்ட்டும் ஆம்பியரும் காட்டும் சின்ன யூ.எஸ்.பி. மீட்டர் ஒன்று. "தம்பி, இந்த அடாப்டர்ல 2.4 ஆம்பியர்னு போட்டிருக்கான். மீட்டர்ல முக்கால்தான் காட்டுது. மூணாவது அடாப்டர் இது. எல்லாமே டூப்ளிகேட்டா?" என்றார்.

மூன்று அடாப்டருக்குக் காசு கொடுத்திருக்கிறார். பழுது மூன்றிலும் இல்லை. மீட்டரும் சரியான எண்ணைத்தான் காட்டியது. அதைச் செருகிய இடமும் அந்த எண்ணைப் படித்த விதமும்தான் அவரைத் திசை திருப்பிவிட்டன. இதே தவறை வாரம் ஒருவராவது செய்து கொண்டு வருகிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆம்பியர் விஷயம். அடாப்டரில் 2.4 என்று போட்டிருந்தால் அது வரை தர முடியும் என்றுதான் பொருள். எவ்வளவு இழுப்பது என்று முடிவு செய்வது போன். 85 சதவீதம் ஏறிய போனை மாட்டிவிட்டு, "அரை ஆம்பியர்தான் வருது, சார்ஜர் மோசம்" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேட்டரி நிரம்ப நிரம்ப போன் தானாகவே இழுப்பைக் குறைக்கும். உடம்பு சூடானாலும் குறைக்கும். வெயிலில் கிடந்த படகிலிருந்து எடுத்து வந்த போனை அப்படியே சோதித்தால் யார் மேல் பழி போடுவது? 20க்கும் 50க்கும் இடையில் சார்ஜ் இருக்க வேண்டும், போன் ஆறியிருக்க வேண்டும், திரை அணைந்திருக்க வேண்டும். மாட்டி இரண்டு நிமிடம் கழித்து வரும் எண்ணைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் போனில் 32 சதவீதம் இருந்தது, சூடும் இல்லை. ஆக, அந்த முக்கால் ஆம்பியருக்குக் காரணம் வேறு.

அவர் மீட்டரை அடாப்டரிலேயே நேராகச் செருகி, அதன் பின்னால் கேபிளை மாட்டியிருந்தார். எல்லோரும் செய்வது இதுதான், பெரிய தவறும் இதுதான். அங்கே காட்டும் வோல்ட், அடாப்டர் வாசலில் இருக்கும் வோல்ட். கேபிளைத் தாண்டி போனுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று அதற்குத் தெரியாது. தொட்டியடியில் நின்று தண்ணீர் வேகத்தைப் பார்த்துவிட்டு, மாடிக் குழாயில் என்ன வருகிறது என்று சொல்வது போல.

என்னிடம் இரண்டு மீட்டர்கள் உண்டு. ஒன்று பழைய பெரிய முனைக்கு, மற்றொன்று ஒரு பக்கம் டைப்-சி ஆணும் மறுபக்கம் பெண்ணுமாக இருப்பது. முதலாவதை அடாப்டரிலும் இரண்டாவதை கேபிளுக்கும் போனுக்கும் நடுவிலும் வைத்து, ஒரே நேரத்தில் இரண்டையும் படிப்பேன். ஒரே மீட்டரை இங்கும் அங்கும் மாற்றி மாற்றிச் செருகினாலும் தெரியும்தான். ஆனால் கழற்றி மாட்டுவதற்குள் போன் இழுப்பை மாற்றியிருக்கும், இரண்டு எண்களையும் ஒப்பிட முடியாமல் போகும்.

இரண்டு மீட்டர் வைப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை இருக்கிறது, பலர் இதை விட்டுவிடுகிறார்கள். போனை மாட்டும் முன், கேபிளையும் இரண்டு மீட்டரையும் மட்டும் மாட்டிப் பாருங்கள். அப்போது ஓடுவது மீட்டர் தனக்கென எடுக்கும் சில மில்லி ஆம்பியர்தான். அந்த அளவில் கேபிள் எதையும் குறைக்காது. எனவே இரண்டும் ஒரே வோல்ட்டைக் காட்ட வேண்டும். என்னுடையவை 5.14, 5.11 என்று காட்டின. அந்த 0.03 மீட்டர்களுக்குள் இருக்கும் பேதம், பின்னால் கழித்துவிட வேண்டியது.

பிறகு போனை மாட்டினேன். அடாப்டர் பக்கம் 5.08 வோல்ட், 0.79 ஆம்பியர். போன் பக்கம் 4.47 வோல்ட், 0.78 ஆம்பியர். இரண்டு வோல்ட்டுக்கும் வித்தியாசம் 0.61. பேதம் 0.03ஐக் கழித்தால் 0.58. அதை 0.78ஆல் வகுத்தால் 0.74 ஓம். கேபிளும் அதன் இரு முனைகளும் சேர்ந்து போடும் தடை இவ்வளவு. போனுக்குப் போய்ச் சேர்வது மூன்றரை வாட்.

அடாப்டர் பக்கம் 5.08 நிற்கிறது என்றால் அடாப்டருக்கு மூச்சு வாங்கவில்லை. அதுவே திணறியிருந்தால் அங்கேயும் வோல்ட் இறங்கியிருக்கும். ஓட்டத்தின்போது அந்தப் பக்கமே 4.75க்குக் கீழே போனால் அடாப்டரையோ, அதற்குப் பேட்டரியிலிருந்து வரும் ஒயரையோ, உப்புப் பிடித்த சாக்கெட் ஸ்பிரிங்கையோ பார்க்க வேண்டும். இங்கே அப்படி இல்லை.

போன் பக்கத்து 4.47தான் காட்டிக்கொடுக்கும் எண். தன் வாசலில் வோல்ட் சுமார் நாலரை வரை இறங்கினால், பெரும்பாலான போன்கள் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். இன்னும் இழுத்தால் வோல்ட் இன்னும் விழும், சார்ஜ் அறுந்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. போன் 0.78ல் நின்றதற்கு இதுதான் காரணம். அது கேட்காமல் இல்லை, கேட்டால் கேபிள் தரவில்லை. முனையில் நாலரையைச் சுற்றி வோல்ட் நின்றுவிட்டு ஆம்பியரும் குறைவாக இருந்தால் நான் முதலில் கேபிளைத்தான் தூக்கி வைப்பேன்.

0.74 எங்கிருந்து வந்தது என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேபிள் ஒன்றரை மீட்டர் நீளம். தோலைச் சீவியதில் மின் ஒயர் முடி போல மெல்லியது, 28 கேஜ் தடிமன். அந்தத் தடிமனில் செம்புக் கம்பிக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.21 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்பதால் இரட்டிப்பு. ஒன்றரை மீட்டருக்கு 0.64 வந்துவிடும். மீதி 0.1 முனைகளில். இதைவிடத் தடித்த 24 கேஜாக இருந்தால் ஒயர் தடை இதில் ஐந்தில் இரண்டு பங்குதான். கேபிள் மேலே `28AWG/1P+24AWG/2C` என்பது போல அச்சடித்திருந்தால், முதல் பாதி டேட்டா ஜோடியைச் சொல்கிறது, பின் பாதிதான் மின்சாரம் போகும் ஒயர். முன்னால் இருக்கும் 28ஐப் பார்த்துவிட்டு நல்ல கேபிளைத் திருப்பிக் கொடுத்தவரும் உண்டு. எதுவுமே அச்சடிக்காத கேபிளை நான் நம்புவதில்லை. அச்சடித்ததையும் அளந்த பிறகே நம்புவேன்.

முனைகளில் இருந்த அந்த 0.1ஐச் சும்மா விட முடியாது, நம்ம கடற்கரையில் அது வளரும். லென்ஸ் வைத்துப் பார்த்தபோது டைப்-சி முனைக்குள் இருக்கும் பின்களின் மேல் பச்சையும் கருப்புமாகப் படிந்திருந்தது. படகில் கேபிளை அடாப்டரிலேயே மாட்டி வைத்துவிடுவது அண்ணனின் வழக்கம். பெரிய முனையிலிருந்து டைப்-சிக்கு வரும் கேபிளில், போன் மாட்டாவிட்டாலும் நுனியில் 5 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். அதன் மேல் உப்பு ஈரம் பட்டால் மின்சாரமே பின்னை அரித்துத் தின்னும். இரண்டு முனையும் டைப்-சியாக இருக்கும் கேபிளில் போனை மாட்டும் வரை வோல்ட் வராது. அதனால் இந்த அரிப்பு அதில் குறைவு. "சார்ஜ் போடாதப்ப கேபிளைக் கழட்டி டப்பாவுல போடுங்கண்ணே" என்றேன்.

பின் கெட்டதா, ஒயர் மெல்லியதா என்று பிரித்தறிய, மீட்டரைப் பார்த்துக்கொண்டே முனையை லேசாக ஆட்டுங்கள். ஒயர் தடை அசையாது. வோல்ட் 0.1, 0.2 என்று குதித்தால் காண்டாக்ட் கெட்டிருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷ் போட்டு, நன்றாக உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும். அண்ணனின் கேபிள் இதில் 0.66க்கு இறங்கியது. மிச்சமெல்லாம் மெல்லிய ஒயரின் கோளாறு, அதற்கு மருந்து கிடையாது.

கடையில் இருந்த ஒரு மீட்டர் நீள தடித்த கேபிளை மாட்டினேன். அடாப்டர் பக்கம் 5.02, போன் பக்கம் 4.77, ஓட்டம் 1.82 ஆம்பியர். அதே கணக்கில் 0.12 ஓம், போனுக்கு 8.7 வாட். அதே அடாப்டர், அதே போன், கேபிள் மட்டும் வேறு. அவர் போனின் பேட்டரி 5000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது சுமார் 19 வாட்-மணி. மூன்றரை வாட்டில் சும்மா கிடந்தாலே ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடலில் மேப் போட்டு திரையை எரியவிட்டால் வருவதில் பாதி அங்கேயே போய்விடும். ராத்திரி முழுக்க மாட்டியும் ஏறவில்லை என்று அவர் சொன்னதில் பொய்யே இல்லை.

இதே பழைய கேபிளை வீட்டில் 9 வோல்ட் வேகச் சார்ஜரில் போட்டால் குறை தெரியாமலே போகும். அங்கே ஒரு வோல்ட் விழுந்தாலும் எட்டு மிஞ்சுகிறது, போன் அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். படகில் இருப்பது வெறும் 5 வோல்ட், அதில் அரை வோல்ட்டே பெரிய அடி. "வீட்ல நல்லாத்தான் ஏறுது, அதனால கேபிள் நல்லது" என்ற முடிவு தப்பாவது இதனால்தான்.

வேகச் சார்ஜ் சோதிப்பவர்கள் இதையும் கவனியுங்கள்: மீட்டரே வேகத்தைக் கெடுக்கலாம். சார்ஜரும் போனும் பேசிக்கொள்ளும் ஒயர்களை மீட்டர் கடத்தாவிட்டால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும். சில கம்பெனிகளின் சொந்த வேகச் சார்ஜ் முறைகள் நடுவில் எதை மாட்டினாலும் ஒத்துக்கொள்வதில்லை. மீட்டரை எடுத்ததும் போன் திரையில் வேகச் சார்ஜ் குறி வந்தால் சார்ஜரைத் திட்ட வேண்டாம்.

சில மீட்டர்களில் 9, 12, 20 வோல்ட்டைத் தானே கேட்டு வாங்கும் பட்டன் இருக்கிறது, திரையில் `PD Trigger` என்றோ `QC Trigger` என்றோ வரும். போன் மாட்டியிருக்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். போன் கேட்காத வோல்ட் உள்ளே போய் சார்ஜிங் ஐ.சி. எரிந்துவிடலாம். அண்ணன் கொண்டுவந்த மீட்டரிலும் அந்தப் பட்டன் இருந்தது. மகன் அதை அழுத்திப் பார்க்காதது அதிர்ஷ்டம். அதன் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டித்தான் திருப்பிக் கொடுத்தேன்.