மடக்கைப் புத்தகத்தை வைத்துப் பெருக்குவது எப்படி (7423 × 5837)

போன மாதம் மகளின் கணிதக் கொப்பியைச் சரிபார்க்கப் போய் மாட்டிக்கொண்டேன். 7423 ஐ 5837 ஆல் பெருக்க வேண்டும். நான் கைபேசியை எடுத்ததும், "கல்குலேட்டரிலை போட்டா விடை வருமெண்டு எனக்கும் தெரியும் அப்பா, மடக்கையிலை செய்து காட்டுங்கோ" என்றாள். படித்து முப்பது வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் விடவில்லை. பத்து நிமிடம் தடவி 80,400,000 என்று ஒரு விடை எழுதினேன். அவளுடையது 43,330,000. பிழை என் பக்கம். அது எந்த இடத்தில் நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு மாலை போனது. நீங்களும் அந்த மாலையைச் செலவழிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மடக்கை என்றால் என்ன என்பதை நீட்டி விளக்கப்போவதில்லை. 10 ஐ எந்தச் சுட்டிக்கு உயர்த்தினால் நமது எண் வரும் என்பதுதான் அதன் மடக்கை. சுட்டிகளைக் கூட்டினால் எண்கள் பெருகும். இவ்வளவு போதும்.

என்னென்ன வேண்டும்

நான்கு தசமதான மடக்கை அட்டவணை ஒன்று. என்னுடையது மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடை வரிசையில் வாங்கியது, அட்டை இல்லாதது. வாங்கும்போது பின்பக்கத்தில் முரண்மடக்கை அட்டவணையும் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். ஏழு தசமதானப் புத்தகம் கிடைத்தால் பெருமைக்காக வாங்கலாம், பழகுவதற்கு அது தலையிடி. அப்புறம் ஒரு மட்டை. பலர் அடிமட்டம் வைப்பார்கள். எனக்கு அது சரிவரவில்லை: வழுக்கும், கண்ணாடிபோல் இருந்தால் கீழ்வரிசையும் தெரியும். பழைய கலியாண அழைப்பிதழ் ஒன்றை வெட்டி வரிசைக்கு நேர் கீழே வைத்தால் கண் தவறாது.

முதலில் மதிப்பிடுங்கள்

அட்டவணையைத் திறக்கும் முன்பே தாளின் மூலையில் எழுதுங்கள்: 7000 × 6000 = 42,000,000. விடை நாலு கோடிக்குக் கிட்ட வரவேண்டும். இதை நான் எழுதியிருந்தால் என் எட்டுக் கோடியைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்கும்.

சிறப்பியல்பு

மடக்கையில் தசமப் புள்ளிக்கு முன்னால் நிற்பது சிறப்பியல்பு, பின்னால் நிற்பது தசமக்கூட்டு. எங்கள் காலத்து ஆசிரியர்கள் கரக்டரிஸ்டிக், மன்டிசா என்பார்கள். சிறப்பியல்பு அட்டவணையில் இருக்காது, நாமே போடவேண்டும். 1 இலும் பெரிய எண்ணுக்கு, தசமப் புள்ளிக்கு முன்னால் எத்தனை இலக்கமோ அதில் ஒன்று குறைவு. 7423 க்கு நாலு இலக்கம், எனவே 3. 5837 க்கும் 3.

தசமக்கூட்டு

7423 ஐ எடுங்கள். முதல் இரண்டு இலக்கம் 74: இடது ஓரத்தில் 74 என்ற வரிசைக்கு மட்டையை இறக்குங்கள். மூன்றாம் இலக்கம் 2: மேலே 2 என்று தலைப்புள்ள நிரலும் அந்த வரிசையும் சந்திக்கும் இடத்தில் 8704 இருக்கும். நாலாம் இலக்கம் 3: அதே வரிசையில் வலப்பக்கம் 1 முதல் 9 வரை சின்ன நிரல்கள் இருக்கின்றன, இவைதான் இடை வித்தியாசம். அங்கே 3 இன் கீழ் 2 என்று இருக்கும். இந்த 2 கடைசி இலக்கத்தோடு சேரவேண்டியது, அதாவது 0.0002. 8704 உம் 2 உம் 8706.

5837 க்கும் இதே மாதிரி. வரிசை 58, நிரல் 3 இல் 7657. இடை வித்தியாசத்தில் 7 இன் கீழ் 5. மொத்தம் 7662.

```
log 7423 = 3.8706
log 5837 = 3.7662
கூட்டினால்  7.6368
```

கூட்டும்போது கவனியுங்கள்: 0.8706 உம் 0.7662 உம் சேர்ந்து 1.6368 ஆகிறது. அந்த 1 சிறப்பியல்புப் பக்கம் போகிறது, 3 + 3 + 1 = 7. சிறப்பியல்பையும் தசமக்கூட்டையும் தனித்தனிப் பெட்டியில் எழுதிக் கூட்டும் பழக்கம் உள்ளவர்கள் இந்த 1 ஐ அந்தரத்தில் விட்டுவிடுவார்கள். அப்போது விடை பத்து மடங்கு சுருங்கி 4,333,000 ஆகும். மூலையில் எழுதிய 42,000,000 அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் விழுந்த இடம்

7.6368 கையில் இருக்கிறது. இனி இது எந்த எண்ணின் மடக்கை என்று தேடவேண்டும். இங்கேதான் நான் இரண்டு தரம் விழுந்தேன்.

முதல் தரம், கூட்டிய கையோடு அதே பக்கத்தில் 63 வரிசைக்குப் போய்விட்டேன். நிரல் 6 இல் 8035, இடை வித்தியாசம் 8 க்கு 5, மொத்தம் 8040. அப்படித்தான் எட்டுக் கோடி பிறந்தது. நான் பார்த்தது மடக்கை அட்டவணையை. தேடவேண்டியது முரண்மடக்கை அட்டவணையில். இரண்டுமே ஒரே மாதிரிக் கட்டங்கள், ஒரே எழுத்து. மகள் எட்டிப் பார்த்துவிட்டு "அப்பா, நீங்கள் பாக்கிறது மற்றப் பக்கம்" என்றபோதுதான் விளங்கியது. அடையாளம் ஒன்று சொல்கிறேன்: மடக்கை அட்டவணையின் இடது ஓரம் 10 இல் தொடங்கும், முரண்மடக்கை அட்டவணையின் ஓரம் .00 இல் தொடங்கும். ஓரத்தில் ஆரம்பத்திலேயே புள்ளி இருந்தால் சரியான பக்கம்.

இரண்டாம் தரம், சரியான பக்கத்துக்கு வந்தும் 7.6 என்பதைப் பார்த்து .76 வரிசைக்குப் போனேன். சிறப்பியல்பை அட்டவணைக்குள் கொண்டுபோகவே கூடாது. இப்போது நான் செய்வது இதுதான்: கூட்டல் முடிந்ததும் 7 ஐச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, மட்டையால் அதை மூடிவிடுவேன். கண்ணில் படுவது .6368 மட்டும்.

வரிசை .63, நிரல் 6: 4325. இடை வித்தியாசம் 8 இன் கீழ் 8. கூட்டினால் 4333. இப்போதுதான் மட்டையை எடுத்து 7 ஐப் பார்க்கவேண்டும். சிறப்பியல்பு 7 என்றால் புள்ளிக்கு முன்னால் 8 இலக்கம். 4333 க்குப் பின்னால் நாலு பூச்சியம் போட்டால் 43,330,000.

முரண்மடக்கை அட்டவணை கிழிந்துபோன புத்தகமா? மடக்கை அட்டவணையையே தலைகீழாகப் படிக்கலாம். கட்டங்களுக்குள்ளே 6368 ஐத் தேடுங்கள், அதைத் தாண்டாமல் மிகக் கிட்ட இருப்பது 6365. அது 43 வரிசை, 3 ஆம் நிரல், ஆக 433. மிச்சம் 3. அதே வரிசையின் இடை வித்தியாசத்தில் 3 எங்கே என்று பார்த்தால் 3 இன் கீழ். நாலாம் இலக்கம் 3. மறுபடியும் 4333. உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது, பக்கம் மாறும் வேலையே இல்லை.

எவ்வளவு நம்பலாம்

கையால் நீளமாகப் பெருக்கினால் 43,328,051 வரும். நமக்குக் கிடைத்தது 43,330,000. வித்தியாசம் 1,949. இது பிழை இல்லை, அட்டவணையின் எல்லை. நாலு தசமதான அட்டவணை முதல் நாலு இலக்கத்தைத்தான் தரும். நாலாவதிலும் ஒன்று கூடக்குறைய வரலாம், ஏனென்றால் ஒவ்வொரு கட்டமும் மட்டந்தட்டிய எண், நாம் அப்படி இரண்டைக் கூட்டுகிறோம். பின்னால் வரும் பூச்சியங்கள் உண்மையான பூச்சியங்கள் அல்ல, இடம் நிரப்ப வைத்தவை. எனவே சதம் பிசகாமல் வரவேண்டிய கடைக் கணக்குக்கு இது ஆகாது. காணி அளப்பதற்கு ஆகும். 742.3 அடி நீளம், 583.7 அடி அகலம் உள்ள தோட்டத்தின் பரப்பு என்ன? மறுபடி அட்டவணையைத் திறக்கத் தேவையில்லை. அதே இலக்கங்கள், அதே தசமக்கூட்டு. சிறப்பியல்பு மட்டும் 2, 2. கூட்டினால் 5.6368, புள்ளிக்கு முன்னால் 6 இலக்கம், 433,300 சதுர அடி. 43,560 ஆல் வகுத்தால் 9.95 ஏக்கர். இலக்கங்களை எடுத்து நேரடியாகப் பெருக்கிப் பார்த்தாலும் அதே 9.95 தான்.

புள்ளி எங்கே இருந்தாலும் தசமக்கூட்டு மாறாமல் நிற்பது மடக்கையின் அடி 10 என்பதால்தான். 1614 இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கையில் இந்த வசதி இல்லை. ஹென்றி பிரிக்ஸ் எடின்பரோவுக்குப் போய் அவரைச் சந்தித்துப் பேசி, 10 ஐ அடியாகக் கொண்ட அட்டவணையைக் கணித்து 1617 இல் முதல் ஆயிரம் எண்களுக்கு வெளியிட்டார். இன்று நாம் புரட்டுவது அந்த வழி வந்ததுதான்.

பின்சேர்க்கை

வாசித்துவிட்டு ஒருவர் 58,374 ஐ எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தார். ஐந்தாம் இலக்கத்துக்கு அட்டவணையில் இடமில்லை. மட்டந்தட்டி 5837 என்று தேடுங்கள், தசமக்கூட்டு 7662. ஆனால் சிறப்பியல்பை மட்டந்தட்டிய எண்ணில் எண்ணாதீர்கள், அசல் எண்ணுக்கு ஐந்து இலக்கம், எனவே 4. அவர் 3 போட்டிருக்கிறார், விடை பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

இன்னொரு பின்சேர்க்கை

10 முதல் 19 வரையான வரிசைகளில் விடை அடிக்கடி சறுக்குகிறது என்று இன்னொருவர் எழுதினார். உண்மைதான். அங்கே மடக்கை வேகமாக ஏறுகிறது. 10 ஆம் வரிசையில் ஆரம்பத்தில் கட்டத்துக்குக் கட்டம் 43 கூடும், வரிசை முடியும்போது 40 ஆகிவிடும். 74 ஆம் வரிசையில் அது 6 தான். அதனால் சில புத்தகங்களில் இந்த வரிசைகளுக்கு இடை வித்தியாசம் இரண்டு வரியாக இருக்கும், முதல் வரி 0 முதல் 4 வரையான நிரல்களுக்கு, இரண்டாவது 5 முதல் 9 வரைக்கு. அவர் வரியை மாற்றிப் பார்த்திருக்கிறார். சந்தேகம் என்றால் இடை வித்தியாசத்தையே விட்டுவிட்டு நீங்களே கணியுங்கள். 1047 க்கு: 104 இல் 0170, 105 இல் 0212, இடைவெளி 42. அதில் பத்தில் ஏழு பங்கு 29. ஆக 0199, சிறப்பியல்போடு 3.0199. முன்னால் உள்ள அந்தப் பூச்சியத்தை எழுத மறந்து 3.199 என்று கூட்டாதீர்கள். நான் கூட்டியிருக்கிறேன்.